சீவியில் பொழுதுபோக்குப் பகுதி வேணுமா? களப்பணி வேலைக்கு அனுப்ப முதல் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ

முத்தையன்கட்டுப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. விவசாய டிப்ளோமா முடிச்சு 14 மாதம் ஆகுது, இன்னும் வேலை இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு நிறுவனம் களப்பணி உத்தியோகத்தர் இரண்டு பேரைக் கேட்டிருக்கு. வீடு வீடாப் போய் விவசாயக் குடும்பங்களின்ர தரவு எடுக்கிறது, மாதாந்த அறிக்கை எழுதுறது தான் வேலை. வெள்ளிக்கிழமை முடிவுத் திகதி.

என்ர சீவியின்ர கடைசியில இப்பிடி ஒரு பகுதி இருக்கு:

பொழுதுபோக்குகள்: வாசித்தல், இசை கேட்டல், கிரிக்கெட் பார்த்தல், பயணம் செய்தல்.

கொம்பியூட்டர் சென்ரர் அண்ணா தந்த மாதிரியில இருந்ததை அப்பிடியே விட்டிட்டன். தோழி ஒருத்தி "அதை வெட்டு, ஆரும் வாசிக்கிறேல்லை" எண்டு சொல்றாள். வெட்டினா இரண்டாம் பக்கம் அரைவாசி வெறுமையா நிக்குது. வேலை அனுபவம் எண்டு எழுத ஒண்டும் இல்லாத எனக்கு இது உதவுமா, இல்லையா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

பிள்ளை, வெட்ட வேண்டாம். ஒரு ஆளின்ர குணம் அவர் ஓய்வு நேரத்தில என்ன செய்யிறார் எண்டதில தான் தெரியும். நான் பாடசாலையில இருந்த காலத்தில விளையாட்டுச் சான்றிதழ், சாரணர், முதலுதவி எண்டு வைச்சிருந்த பிள்ளையளுக்கு நேர்முகத்தில புள்ளி கிடைச்சதைக் கண்ணால கண்டிருக்கிறன். நாலு இருந்தா இன்னும் இரண்டைக் கூட்டி ஆறாப் போடும். சமையல், வீட்டுத்தோட்டம் எண்டு ஏதும் இருக்கும் தானே.

பரந்தன் பெடியன்

நானும் இதே பிரச்சினையில தான் இருக்கிறன் அக்கா. கனடாவில இருக்கிற மாமா ஒருத்தர் தன்ர கம்பனிக்கு சீவி அனுப்பச் சொன்னவர். படம், பிறந்த திகதி, சமயம், அடையாள அட்டை இலக்கம் எல்லாத்தையும் எடு எண்டு சொல்லிப்போட்டார். பொழுதுபோக்கையும் எடுக்கவோ எண்டு கேட்டா பதில் இல்லை. உங்கட கேள்வி கலர் எதில போடுறது எண்டதும் சேர்த்தோ? என்ரது நீலத்தில இருக்கு.

கிளிநொச்சி அக்கா

பரந்தன் தம்பி, அங்கத்தைய வழக்கம் வேற. மாமா சொன்னதைக் கேளுங்கோ, கறுப்பிலயே போடுங்கோ. இங்க இந்தத் தங்கச்சியின்ர விசயத்துக்கு வாறன்.

நான் ஒன்பது வருசமா வன்னியில தான், நிறுவனங்களில ஆட்சேர்ப்பு வேலை. இரண்டு இடத்துக்கு நூறு சீவிக்குக் குறையாமல் வரும். முதல் சுற்றில நான் பாக்கிறது படிப்பு, மொழி, இருக்கிற இடம், மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம். அவ்வளவு தான். பொழுதுபோக்கைப் பாத்து ஒருத்தரையும் உள்ள எடுத்ததில்லை. வெளியில போட்டதும் இல்லை. ஆனா கடைசி எட்டு, பத்துப் பேர் ஒரே அளவா வந்து நிக்கேக்க ஒவ்வொரு வரியையும் திரும்ப வாசிப்பன். அப்ப தான் அந்தப் பகுதிக்கு உயிர் வரும். நேர்முகத்துக்கு முதல் நாள் "இவரிட்ட என்ன கேக்கலாம்" எண்டு கேள்வி தேடேக்கையும் அது கண்ணில படும்.

நீங்கள் எழுதின நாலும் அந்த நேரத்தில எனக்கு ஒண்டும் சொல்லாது. நூறில எழுபது பேர் இதே நாலைத் தான் எழுதுவினம். வாத்தியார் ஐயா சொன்ன புள்ளி உண்மை, ஆனா அது அரசாங்கப் பதவிக்கு. அங்க விண்ணப்பப் படிவம் அவையளே தருவினம், புள்ளித் திட்டம் இருந்தா சான்றிதழைக் காட்டித் தான் புள்ளி எடுக்கலாம். "இசை கேட்டல்" எண்டதுக்குச் சான்றிதழ் இல்லை, ஐயா. ஆறாக்கினா இன்னும் மோசம், ஒவ்வொண்டும் ஒரு கேள்விக்கு வாசல். "வாசித்தல்" எண்டு போட்ட ஒரு பெடியனை "கடைசியா என்ன வாசிச்சனீர்?" எண்டு கேட்டதும் அவன் திகைச்சுப் போய், பிறகு தெரிஞ்ச கேள்விக்கும் பதில் சொல்ல முடியாமல் போன நேர்முகம் ஒண்டு எனக்கு இண்டைக்கும் மனசில நிக்குது.

ஒரு கேள்வி கேக்கிறன். ஒருத்தரும் சம்பளம் தராமல், ஒருத்தரும் சொல்லாமல் நீங்கள் விடாமல் செய்யிற ஏதும் ஒண்டு இருக்கா? சின்னதெண்டாலும் பறவாயில்லை.

முத்தையன்கட்டுப் பிள்ளை

இருக்கு அக்கா, ஆனா பொழுதுபோக்கு எண்டு சொல்லலாமோ தெரியேல்லை. வீட்டு முத்தத்தில மழை அளந்து கொப்பியில எழுதுறனான். டிப்ளோமா படிக்கேக்க 2021 ஒக்டோபரில ஒரு பயிற்சிக்காகத் தொடங்கினது, பிறகு பழகிப் போச்சு. காலமை 8.30க்குப் பாப்பன், வளிமண்டலவியல் திணைக்களமும் அந்த நேரம் தான் எண்டு விரிவுரையில சொன்னவை. புழுதி விதைப்பு நேரத்தில ஊர்க் கமக்காரர் அமைப்பு ஆக்கள் வந்து "இந்தக் கிழமை எவ்வளவு விழுந்தது பிள்ளை?" எண்டு கேப்பினம். ஒரு சின்ன மழைக்கு நெல் முளைச்சு, பிறகு பத்து நாள் வெயில் எறிச்சா எல்லாம் கருகிப் போகும் தானே.

கிளிநொச்சி அக்கா

இதை ஏன் தங்கச்சி ஒளிச்சு வைச்சிருந்தனீங்கள்? அந்த வேலையே ஒழுங்காத் தரவு எடுக்கிறது தான். 14 மாதம் சும்மா இருந்தா எண்டு நினைக்கிற ஆளுக்கு இந்தக் கொப்பி ஒரு பதில். நாலையும் வெட்டிப்போட்டு இதை மட்டும் போடுங்கோ. எப்பத்தில இருந்து, எத்தனை மணிக்கு, ஆர் பாவிக்கினம் எண்ட மூண்டும் வரியில இருக்கோணும். "சுற்றுச்சூழலில் ஆர்வம்" எண்டு சுருக்கிப் போடாதேங்கோ, அதோட எல்லாம் போச்சு.

நெடுங்கேணி வயல்காரன்

ஒரு நிமிசம். தரவு எடுக்கிற வேலைக்கு வாற ஆளை நேர்முகத்தில முதல் கேக்கப் போறது "எதால அளந்தனீர்?" எண்டு தான். நான் இப்ப அந்த வேலை தான் செய்யிறன். சோடாப் போத்தலை வெட்டி மேல்பாதியைக் கவிழ்த்து வைச்சு அளந்தவை கனபேர். நடுவில இடுப்பு ஒடுங்கின போத்தல் எண்டா அந்த இடத்தில அளவு பிழைக்கும், அடி வளைஞ்சிருந்தா தொடக்கமே பிழை. நீங்கள் எதில எடுத்தனீங்கள்?

முத்தையன்கட்டுப் பிள்ளை

உண்மையைச் சொல்லுறன் அண்ணா. முதல் இரண்டு வருசமும் 1.5 லீற்றர் தண்ணிப் போத்தல். அடியில சின்னக் கல் போட்டு, நேரா நிக்கிற இடம் வரைக்கும் தண்ணி விட்டு, அதைச் சைபர் எண்டு கீறினனான். ஆனா அந்தப் போத்தலில மடிப்பு மடிப்பா இருந்தது. 2023 செப்டெம்பரில தான் நாலு அங்குல பி.வி.சி. குழாய்க்கு மாறினனான். அடிக்கு மூடி ஒட்டி, தட்டையா ஒரு கம்பைக் காய வைச்சு உள்ள விட்டு, நனைஞ்ச உயரத்தை அடிமட்டத்தால அளக்கிறன். வாயும் உள்ளும் ஒரே அகலம் எண்டபடியால் உயரம் தான் மழை. அளந்த உடன ஊத்திப்போடுவன்.

2022இல 38 நாள் பதிவு இல்லை, டெங்கு வந்து வவுனியாவில படுத்திருந்தன். பிறகு வீட்டிலயும் ஓய்வு.

நெடுங்கேணி வயல்காரன்

அப்ப வரியில 2021 எண்டு போடாதேங்கோ. 2023 செப்டெம்பர் எண்டு போடுங்கோ. கொப்பியை நேர்முகத்துக்குக் கொண்டு போங்கோ, பழசையும் கேட்டா காட்டி "இது போத்தல் காலம், நம்பிக்கை குறைவு" எண்டு நீங்களே சொல்லுங்கோ. வெறுமையா விட்ட நாள் வெறுமையாவே இருக்கட்டும். பூச்சியம் எண்டு நிரப்பிப்போட்டால் மழை பெய்யாத நாளுக்கும் பதியாத நாளுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அந்த வித்தியாசம் தெரிஞ்ச ஆள் எங்கட குழுவில வேணும்.

கிளிநொச்சி அக்கா

சரியாச் சொன்னியள். எனக்கு அளவை விசயம் தெரியாது, 2021 எண்டே போடச் சொல்லியிருப்பன்.

இப்ப இடம். இதைப் பொழுதுபோக்கு எண்ட தலைப்புக்குக் கீழ போட வேண்டாம் எண்டு எனக்குப் படுது. படிப்புக்கு அடுத்து "தன்னார்வச் செயற்பாடு" எண்டு ஒரு தலைப்பு வைச்சு, மழைமானி வரியை அங்க போடுங்கோ. கடைசிப் பக்கத்தில கிடந்தா முதல் சுற்றில நான் அதைக் காணவே மாட்டன்.

நெடுங்கேணி வயல்காரன்

இதில நான் ஒத்துப் போகேல்லை, அக்கா. ஊர் ஆக்கள் வந்து கேக்கிறது வேற, அமைப்பு பொறுப்புத் தந்தது வேற. தன்னார்வம் எண்டு போட்டா செயலாளரிட்ட போன் எடுத்துக் கேப்பினம். அவர் "அப்பிடி நாங்கள் ஒருத்தரையும் நியமிக்கேல்லை" எண்டு சொன்னா, உண்மையான வேலையே பொய்யாத் தெரியும். "ஆர்வம்" எண்டு ஒற்றை வரியாப் போட்டாலும் கண்ணில படும், பக்கத்தில மூண்டு சாதாரண வரி இல்லாட்டி.

கிளிநொச்சி அக்கா

அது ஞாயம். அப்ப செயலாளரிட்ட நேர போய்க் கேளுங்கோ தங்கச்சி. அவர் ஓம் எண்டா, உறுதிப்படுத்துவோர் எண்டு எழுதுற, உறவினர் இல்லாத இரண்டு பேரில ஒருத்தரா அவரின்ர பேரையே போடலாம். ஓம் எண்டு சொல்லாட்டி வயல்காரன் சொன்ன மாதிரி ஆர்வமா விடுங்கோ.

இன்னொண்டு, கேக்க மறந்திட்டன். லைசன்ஸ் இருக்கா?

முத்தையன்கட்டுப் பிள்ளை

இருக்கு அக்கா, மோட்டார் சைக்கிள். இரண்டாம் பக்கத்தில அடையாள அட்டை இலக்கத்துக்குக் கீழ எழுதியிருக்கு.

கிளிநொச்சி அக்கா

ஐயோ. அதை முதல் பக்கத்துக்கு, பேருக்குக் கீழ கொண்டு வாங்கோ. களப்பணிக்கு அந்த ஒரு வரி மழைமானியை விடப் பெறுமதி. முதல் சுற்றில நான் தேடுறதே அது தான். அரைப் பக்கம் வெறுமையா நிண்டால் நிக்கட்டும், இல்லாட்டி எல்லாத்தையும் ஒரு பக்கத்தில அடக்குங்கோ.

முள்ளியவளை மச்சான்

இடையில வந்ததுக்கு மன்னிக்கோணும். நான் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒவ்வொரு வருசமும் தொண்டரா நிண்டு சனத்தை வரிசைப்படுத்திறனான். அதையும் போடலாமோ, இல்லை சமயம் தெரியும் எண்டு விடுறதோ?

ஓய்வுபெற்ற வாத்தியார்

போடும் தம்பி. ஆயிரக்கணக்கில சனம் வாற இடத்தில நிண்டது பெரிய விசயம்.

கிளிநொச்சி அக்கா

எனக்கு முடிவாச் சொல்ல ஏலாது. சனத்தை ஒழுங்குபடுத்தின அனுபவம் தேவைப்படுற வேலை எண்டா, எத்தனை வருசம், என்ன பொறுப்பு எண்டு எழுதலாம். கலந்து எல்லாச் சமூகத்துக்கையும் போற வேலை எண்டா வாசிக்கிறவர் எப்பிடி எடுப்பார் எண்டு ஆளுக்கு ஆள் வித்தியாசம். எங்கட அலுவலகத்துக்குள்ளேயே ஒருத்தர் அதை விரும்புவார், மற்றவர் விரும்ப மாட்டார்.

முத்தையன்கட்டுப் பிள்ளை

செயலாளர் ஐயாவை இப்ப தான் வாய்க்கால் கரையில கண்டு கதைச்சன். "நீ எழுதுறதை வைச்சுத் தான் போன காலபோகம் கூட்டத்தில கதைச்சனாங்கள், பேரைப் போடு" எண்டார். ஆனா அமைப்பு நியமிச்ச வேலை எண்டு எழுத வேண்டாம் எண்டும் சொன்னார். அதால "ஆர்வம்" எண்ட தலைப்பில விட்டிட்டு, அவரை உறுதிப்படுத்துவோரில ஒருத்தரா எழுதினன். வரி இப்ப இப்பிடி:

ஆர்வம்: 2023 செப்டெம்பர் முதல் வீட்டில் செய்த குழாய் மழைமானியால் தினமும் காலை 8.30க்கு மழையளவு எடுத்துப் பதிதல். காலபோக விதைப்புக் காலத்தில் ஊர்க் கமக்காரர்களுடன் பகிர்தல். பதிவேடு பார்வைக்கு உண்டு.

லைசன்ஸ் பேருக்குக் கீழ போயிட்டுது. முழுக்க ஒரு பக்கத்தில வந்திட்டுது.

நெடுங்கேணி வயல்காரன்

"தினமும்" எண்டு போட்டிருக்கிறியள். 2023க்குப் பிறகு விட்ட நாள் ஒண்டும் இல்லையோ?

முத்தையன்கட்டுப் பிள்ளை

இரண்டு நாள் இருக்கு அண்ணா, அக்காவின்ர கலியாணம். "தினமும்" எண்டதை எடுத்திட்டு அனுப்புறன்.