புதுப்பிப்பு: மறதிநோய்ப் பராமரிப்பாளர் பேட்டிகள், குறியீட்டிலிருந்து தீம் வரை

நான் கேட்டிருந்தது: "பேட்டியில ஒவ்வொரு பகுதிக்கும் குறியீடு போடுற கோடிங் முடிஞ்சிருச்சு. 'பாதுகாப்பு', 'செலவு', 'ஊர்ப்பேச்சு'ன்னு பிரிச்சா அதுவே தீமா?"

சீனியர் அக்கா பதில்: அது பேசின விஷயங்களோட பட்டியல். தீம்னா உள்ளே ஒரே கருத்து ஓடணும்.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு மருமகள்: "கேட்டைப் பூட்டிட்டு, அத்தை தூங்குறாங்கன்னு சொல்லிருவேன்." இதுக்கு 'பாதுகாப்பு'ன்னு குறியீடு. கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகாததுக்கு 'ஊர்ப்பேச்சு'. பக்கத்துல வெச்சுப் படிச்சா ரெண்டுமே அத்தையோட மரியாதையை மறைச்சுக் காப்பாத்துறதுதான். அதுவே தீம். செலவு இதுல ஒட்டல.

"மூணு பேர் சொன்னாதான் தீம்"னார் ஒரு தம்பி. பாதி சரி. ஒரே பேட்டி பத்தாது, ஆனா எண்ணிக்கை மட்டுமே அளவுகோலும் இல்ல.

மறதிநோயை ஊருக்கே வெளிப்படையா சொன்ன மகனோட பேட்டி இந்தத் தீமோட இன்னும் இடிக்குது. கைடு தீமை ரெண்டா உடைக்கச் சொல்றார், எனக்கு மனசில்ல.