கலைச்சொல்: முழுமையற்ற காரணிப்படுத்தலில் "உதிர்த்தல்"

செழியன்:
வணக்கம். ஐதான அணியில் ஒரு மாறியை நீக்கும்போது, பூச்சியம் இருந்த இடத்தில் புதிதாக ஓர் எண் வந்துவிடுகிறது. அதை "நிரப்பு" என்றும், அதை வேண்டாமென்று விடுவதை "நீக்கல்" என்றும் சொல்லலாமா? சிறிய எண்களை மட்டும் விட்டால் போதும். எவ்வளவு அதிகம் வைத்துக்கொள்கிறோமோ அவ்வளவுக்கு இட்டரேஷன் குறையும்.

கயல்விழி:
"நீக்கல்" வேண்டாம், செழியன். காஸ் நீக்கல் முறை ஏற்கெனவே இருக்கிறது. நீக்குவது மாறியையா எண்ணையா என்று குழப்பம் வரும். முளைப்பு, உதிர்த்தல் என்று வைப்போம்.

அதிலும் இரண்டு செயல்கள் உண்டு. ஐந்து புள்ளி லாப்லேஸ் அணியில் மூலைவிட்டம் 4, அண்டைப் புள்ளிகளுக்கு −1. கட்டத்தின் மூலைப் புள்ளியை நீக்கினால் அதன் வலப் புள்ளிக்கும் மேல் புள்ளிக்கும் மூலைவிட்டம் 4 − 0.25 = 3.75 ஆகும், இரண்டுக்கும் இடையே −0.25 முளைக்கும். IC(0) அதை உதிர்த்துவிட்டு மேலே போகும். திருத்திய முறையோ அதே −0.25-ஐ இரு நிரைகளின் மூலைவிட்டத்திலும் சேர்த்து 3.5 ஆக்கும். நிரைக்கூட்டு மாறுவதில்லை. கட்டம் முழுக்கச் சீராகப் பரவிய பிழைதான் கரைய நாளாகும். நிரைக்கூட்டு சரியாக இருந்தால் ப்ரீகண்டிஷனர் அதைப் பிடித்துவிடும். புள்ளி இடைவெளியைப் பாதியாக்கினால் முதல் முறையில் இட்டரேஷன் ஏறத்தாழ இரு மடங்காகும், இரண்டாவதில் 1.4 மடங்குதான். இரண்டிலும் நினைவகம் ஒன்றே.

```
L0 = ichol(A);
L1 = ichol(A, struct('michol','on'));
```

எனவே இரண்டாவதற்கு "உதிர்த்து ஈடுசெய்தல்" என்ற தனிப்பெயர் வேண்டும்.

மாலதி:
என் சிக்கல் வேறு. இடப்பெயர்ச்சி நிரைகளின் எண்கள் 10⁹ அளவில், அழுத்த நிரைகளின் எண்கள் 10⁻⁶ அளவில் இருக்கின்றன. உதிர்ப்பு வரம்பு 10⁻³ கொடுத்தேன்; பூச்சிய பிவட் என்று நின்றுவிட்டது. வரம்பு போதவில்லையா?

கயல்விழி:
வரம்பு எல்லா நிரைக்கும் ஒரே எண்ணாக இருப்பதுதான் காரணம், மாலதி. அழுத்த நிரை முழுவதுமே உதிர்ந்துபோயிருக்கும். முதலில் அணியை அளவுமாற்றுங்கள். பிறகு அந்தந்த நிரையின் நெறிமத்தோடு ஒப்பிட்டு உதிருங்கள். ILUT அப்படித்தான் செய்கிறது. அதோடு ஒவ்வொரு நிரையிலும் L பகுதிக்கு மிகப் பெரிய p எண்களையும் U பகுதிக்கு மிகப் பெரிய p எண்களையும் மட்டுமே மூலைவிட்டத்தோடு வைத்துக்கொள்ளும். ஆகவே "சார்பு வரம்பு" என்று பெயரிலேயே சொல்லிவிடுவது நல்லது.

செழியன், அதிகம் வைத்தால் இட்டரேஷன் குறையும் என்பது இத்தகைய அணியில் நிச்சயமில்லை. பிவட் சிறுத்தால் L, U எண்கள் ஊதிப்போகும். GMRES அசையாமல் நிற்கும். இதைப் பார்த்தாலே தெரியும்:

```
norm(U\(L\ones(n,1)), inf)
```

அளவுமாற்றிய அணியில் விடை பிரம்மாண்டமாக வந்தால் அந்தக் காரணிகளை நம்பாதீர்கள்.

செழியன்:
உதிர்த்தல், சார்பு வரம்பு இரண்டும் சரி. ஆனால் ஈட்டை முழுதாகச் சேர்த்தால் சில அணிகளில் பிவட் எதிர்மறைக்கே போய்விடுகிறது, அதனால் ஒரு பங்கை மட்டும் சேர்ப்பவர்கள் உண்டு. அதற்குப் "பகுதி ஈடு" போதுமா? "ஈடு" என்றால் அடமானம் என்றும் படிப்பார்களே.