வாய்க்கால் கரை வீடு, ஒரே வண்டி: கேம்பரா, பொலேரோவா?

கோரையாறு
திருத்துறைப்பூண்டி பக்கம். வீட்டுல அஞ்சு பேர், நாலு ஏக்கர் நெல், கொஞ்சம் தென்னை. தார் ரோட்டுக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் வாய்க்கால் கரை, முழுக்கக் களி. உரம், தேங்காய், தீவனம் ஏத்தணும். அம்மாவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போகணும். டபுள் கேபின் கேம்பர் எடுக்கவா, ஏழு சீட் பொலேரோவா? ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.

பட்டறை அண்ணன்
தம்பி, முதல்ல எடைக் கணக்கைப் போடுங்க. அறுவடை நெல்லை இதுல சேக்காதீங்க. நாலு ஏக்கர் நெல்லை எப்படியும் டிராக்டர் டிப்பர்தான் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போகும். உங்க நிஜமான லோடு உரம்தான். டிஏபி 50 கிலோவுல நாலு மூட்டை, யூரியா 45 கிலோவுல நாலு, பொட்டாஷ் 50 கிலோவுல ரெண்டு, ஆக 480 கிலோ.

ஆர்சி புக்குல வெறும் வண்டி எடை, லோடோட மொத்த எடைன்னு ரெண்டு எண் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குள்ளதான் ஆளும் அடங்கணும். வித்தியாசம் 1000 கிலோன்னு வெச்சுக்குங்க. அஞ்சு பேர் 325 கிலோ போனா மிச்சம் 675, உரம் தாராளமா ஏறும். ஏழு சீட் வண்டியில இந்த வித்தியாசம் ரொம்பக் கம்மி. பின் சீட்டை மடக்கி 480 கிலோவை ஏத்திட்டு, குடும்பத்தையும் உக்கார வெச்சா கணக்கு உதைக்கும்.

டெல்டா ரைடர்
4x4 எடுங்க ப்ரோ, பிரச்சனையே முடிஞ்சுது. டயர்ல காத்தை 15க்கு இறக்கினா எந்தச் சேத்துலயும் போகும்.

பட்டறை அண்ணன்
பாதி சரி. காத்தை இறக்குறது மணல்ல நல்லா வேலை செய்யும். நம்ம களி வேற மாதிரி. டயர் பட்டன் இடுக்குல அப்பிக்கிட்டு டயரையே வழவழன்னு ஆக்கிடும், அப்புறம் நாலு சக்கரமும் சேந்து சும்மா சுத்தும். லோடோட 15 வெச்சுத் திருப்பினா டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். 4x4 உதவும், ஆனா சேத்துல இறங்குறதுக்கு முன்னாடியே போடணும். தார் ரோட்டுக்கு ஏறினதும் எடுத்துடணும், இல்லேன்னா திருப்பத்துல வண்டி இழுக்கும், கியர் பெட்டிக்கும் கேடு.

பிக்அப் மாட்டுறது பெரும்பாலும் காலியா வர்றப்பதான். பின் சக்கரத்து மேல எடையே இருக்காது. மழைக்காலத்துல நாலு மூட்டை மணலைப் பின் அச்சுக்கு நேர் மேல போட்டுக் கட்டிடுங்க. கடைசிக் கதவுகிட்டப் போடக் கூடாது. அச்சுக்குப் பின்னால எடை போனா முன்பக்கம் தூக்கும், ஸ்டீயரிங் லேசாயிடும், ராத்திரியில ஹெட்லைட் தென்னை மரத்து மேல அடிக்கும்.

இன்னொண்ணு. தார் ரோட்டுல 60ல ஸ்டீயரிங் நடுங்கினா உடனே அலைன்மென்ட்னு காசைக் கொட்டாதீங்க. ரிம்முக்கு உள்பக்கம் கையை விட்டுப் பாருங்க, களி ஒரு பக்கமா காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கும். குச்சியால நோண்டி எடுத்தாலே பாதி வண்டிக்கு நடுக்கம் போயிடும்.

வாழைத்தோப்பு
நான் திருவையாறுல வாழைத்தார் ஏத்துறேன். இதுக்கு சின்ன யானை போதாதா? டீசலும் கம்மி.

கோரையாறு
அண்ணே, அதுல அம்மாவை எங்க உக்கார வைக்கிறது?

மன்னார்குடி அக்கா
ஆஸ்பத்திரிக்குத்தான் அதிகம்னா பொலேரோவே எடுங்க தம்பி. கேம்பர் பின் சீட்டுல முதுகு நேரா நிக்கும், வயசானவங்களுக்கு தஞ்சாவூர் வரைக்கும் சிரமம். உரத்துக்கு வாடகை டெம்போ பிடிச்சுக்கலாம். கேம்பருக்கு மஞ்சள் போர்டு, தனி பேட்ஜ் லைசென்ஸ், பர்மிட்னு அலைச்சல் வேற.

பட்டறை அண்ணன்
சீட்டு விஷயம் நூத்துக்கு நூறு சரிங்க அக்கா. லைசென்ஸுக்கு அலைய வேண்டாம். 7500 கிலோவுக்குள்ள இருக்கற சரக்கு வண்டிய சாதா கார் லைசென்ஸ்லயே ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட்டும் தேவையில்ல. ஆனா எஃப்சி உண்டு, எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, அப்புறம் வருஷா வருஷம். நடவாளுங்களைப் பின்னால ஏத்தாதீங்க. ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கை விரிச்சுடும்.

வேதாரண்யம் உப்பு
பழைய வண்டி பாக்குறதா இருந்தா கேபினுக்குப் பின்னால சேஸிஸ்ல புது வெல்டிங், புது பெயின்ட் இருக்கான்னு படுத்துப் பாருங்க. ஓவர்லோடு அடிச்ச வண்டி அங்கதான் விரியும். எங்க பக்கம் ஓடினதா இருந்தா லீஃப் பட்டைக்கு நடுவுல துரு ஊறி, பட்டை விலகி நிக்கும். அதை விட்டுடுங்க.

கோரையாறு
சரிண்ணே, கேம்பர் பக்கம்தான் மனசு போகுது. ஆனா கரையில எதிர டிராக்டர் வந்தா ஒதுங்க ஒரே ஒரு மதகு தளம்தான் இருக்கு. நீள வண்டிய அங்க திருப்ப முடியுமா? 2வீல் கேம்பருக்கு நல்ல டயர் போட்டாலே போதுமா, 4x4க்கே காசைக் கட்டிடலாமா?

டெல்டா ரைடர்
4x4 தான் ப்ரோ.

பட்டறை அண்ணன்
முதல்ல ஷோரூம் வண்டிய உங்க கரைக்கே டெஸ்ட் டிரைவுக்கு வரச் சொல்லுங்க, மழை பேஞ்ச மறுநாள். மதகுல திரும்புதான்னு பாத்துட்டு எழுதுங்க, டயரை அப்புறம் பேசலாம்.