லேபர் ரேட் மணிக்கு 250 ரூபாய்: லிப்ட் காலியாக இருப்பதே இல்லை, மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை

சேலம்_பட்டறை:
அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் எல்லா கம்பெனி கார்களுக்கும் சர்வீஸ் செய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி நிறுத்தி வேலை பார்க்கும் பே இரண்டு. ஒன்றில் டூ போஸ்ட் லிப்ட் இருக்கிறது. மற்றொன்று வெறும் தளம். சீனியர் மெக்கானிக்கிற்கு 26,000, அடுத்தவருக்கு 20,000, ஹெல்பர் பையனுக்கு 12,000 என மாதச் சம்பளம் 58,000 ரூபாய். மாதத்திற்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று மூவருக்கும் சேர்த்து 624 மணி நேரம் வருகிறது. சம்பளத்தை அதால் வகுத்தால் மணிக்கு 93 ரூபாய். வாடகை, கரண்ட் எல்லாவற்றுக்கும் சேர்த்து 250 என்று வைத்தேன். கிளட்ச் மாற்ற ஆறு மணி நேரம் ஆனால் 1,500 ரூபாய் பில் போடுகிறேன். வேலைக்குக் குறைவில்லை, ஆனால் பாக்கி கொடுத்து முடித்தபின் எனக்கென்று எதுவும் மிஞ்சுவதில்லை. ரேட்டை எப்படிக் கட்ட வேண்டும்?

டாப்_கியர்:
இதற்கு இவ்வளவு கணக்குத் தேவையில்லை அண்ணா. மெக்கானிக்கின் ஒரு மணி நேரச் சம்பளத்தை மூன்றால் பெருக்குங்கள்: ஒரு பங்கு அவருக்கு, ஒரு பங்கு பட்டறைச் செலவுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு. உங்கள் இரண்டு மெக்கானிக்குகளின் சராசரி 110 ரூபாய் வருவதால் 330 போதும்.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்_மேலாளர்:
மூன்று மடங்கு என்பது, சம்பளம் கொடுத்த நேரம் முழுவதையும் பில்லில் விற்க முடிந்தால்தான் ஏறத்தாழப் பொருந்தும். எந்தப் பட்டறையிலும் அது நடப்பதில்லை. கேட்டவர் இரண்டு எண்களைத் தந்தால் கணக்கை முடித்துவிடலாம். சம்பளம் தவிர்த்த மாதச் செலவு எவ்வளவு? போன மாத ஜாப் கார்டுகளை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் கம்பெனி நிர்ணயித்திருக்கும் நேரத்தை எழுதிக் கூட்டினால் எத்தனை மணி நேரம் வருகிறது? கடிகாரத்தில் ஓடிய நேரத்தை எழுதாதீர்கள்.

சேலம்_பட்டறை:
வாடகை 30,000, கரண்ட் 6,000. லிப்ட், கம்ப்ரசர், ஸ்கேனர், கைக்கருவிகள் எல்லாம் 4,80,000 ரூபாய்க்கு வாங்கியவை. ஐந்து வருடத்திற்குப் பிரித்தால் மாதம் 8,000. லிப்ட் பராமரிப்பும் ஸ்கேனர் அப்டேட்டும் 3,000, காட்டன் வேஸ்ட், கிளீனர், கிரீஸ் 4,000, ஆடிட்டர் உட்படச் சில்லறைச் செலவு 2,000. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம். ஜாப் கார்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். சுமார் 250 மணி நேரம்தான் வந்தது. இவ்வளவு குறைவாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

கார்_ஓனர்_கோவை:
நானும் இதைத்தான் கேட்க நினைத்தேன். என் காரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டபோது ஒன்றரை மணி நேரத்தில் முடித்த வேலைக்கு மூன்று மணி நேர லேபர் போட்டிருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இது ஏமாற்று வேலை இல்லையா?

ஓய்வுபெற்ற_சர்வீஸ்_மேலாளர்:
கோவை நண்பருக்கு: அந்த மூன்று மணி நேரம் வேலைக்கு நிர்ணயிக்கப்பட்டது, கைதேர்ந்தவர் விரைவாக முடித்தாலும் அதேதான், புதியவர் நாள் முழுக்க உருட்டினாலும் அதேதான். இரண்டாவது வகையில் உங்களுக்கு லாபம் வந்த நாளில் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மூன்று மணி நேரம் என்பதே அதிகமா என்பது வேறு கேள்வி. அந்த வேலைக்கான அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

சேலத்துக்காரருக்கு: போனஸை மாதத்திற்குப் பிரித்தால் சம்பளம் 62,800. மற்ற செலவு 53,000. ஆக 1,15,800. இதில் உங்கள் சம்பளம் எங்கே? காலையில் வண்டி வாங்கி, கோளாறு பார்த்து, ஓட்டிச் சரிபார்த்து, மாலையில் ஒப்படைப்பது நீங்கள்தானே? அதற்கு வெளியில் ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதைப் போடுங்கள். 35,000 என்று வைத்தால் மொத்தம் 1,50,800. இதை 250ஆல் வகுத்தால் மணிக்கு 603 ரூபாய். ஹெல்பரின் சம்பளம் செலவில் சேரும். அவர் நேரத்தைத் தனியாக யாருக்கும் விற்பதில்லை என்பதால் மணிக்கணக்கில் சேராது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். 600 ரூபாய் என்பது நிர்ணய நேரத்தை வைத்து வந்த ரேட். அதைக் கடிகார நேரத்தோடு பெருக்கினால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார். உங்கள் கிளட்ச் வேலைக்கு நிர்ணயம் 4 மணி நேரம் என்றால் பில் 2,400. உங்கள் ஆள் எடுத்துக்கொள்ளும் 6 மணி நேரத்திற்கு 3,600 போட்டால், அவருடைய தாமதத்திற்கு இரண்டு முறை பணம் வாங்கியதாகும், ஏனென்றால் அந்தத் தாமதம் 250 மணி நேரம் என்ற எண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

சேலம்_பட்டறை:
புரிகிறது ஐயா. ஆனால் மெக்கானிக்குகளுக்கு 416 மணி நேரத்திற்குச் சம்பளம் கொடுக்கிறேன், 250தான் விற்கிறது என்றால் மீதி எங்கே போகிறது? இருவரும் சும்மா இருப்பவர்கள் அல்லர்.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்_மேலாளர்:
அது இரண்டு இடத்தில் ஒழுகும். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒவ்வொரு ஜாப் கார்டிலும் வண்டியில் கை வைத்த நேரத்தையும் கையை எடுத்த நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். வண்டியில் கை வைத்த மொத்த நேரம் 310 மணி என்று வந்தால், மீதி 106 மணி நேரம் ஸ்பேர் வாங்கப் போனதிலும் வண்டிக்காகக் காத்திருந்ததிலும் போயிருக்கிறது. அது உங்கள் திட்டமிடுதலின் குறை. 310இல் 250தான் பில்லாகிறது என்றால் அது துருப்பிடித்த போல்ட், சரியான புல்லர் இல்லாமை, திரும்பி வந்த வண்டியை இலவசமாகப் பார்ப்பது ஆகியவற்றில் போகிறது.

லிப்ட் காலியாக இல்லை என்பதையும் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்சக்கர இழுவை வண்டியில் டிரைவ் ஷாப்ட்டைக் கழற்றி கியர்பாக்ஸை இறக்கிய பிறகுதான் பிளைவீலில் வெப்பத்தால் வந்த நீலத் தழும்பும் வெடிப்பும் தெரியும். அதை லேத் பட்டறைக்கு அனுப்பினால் மறுநாள்வரை வண்டியை லிப்டிலிருந்து நகர்த்த முடியாது. உங்கள் வாடகை, கரண்ட், கருவிச் செலவு 47,000 ரூபாயை இரண்டு பேயின் 416 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 113 ரூபாய். ஒன்பது மணி நேரம் சும்மா நின்றால் ஆயிரம் ரூபாய், அதாவது 2,400இல் ஐந்தில் இரண்டு பங்கு. வெளியில் வேறு வண்டி காத்திருந்தால்தான் இது உண்மையான நட்டம். யாரும் இல்லாவிட்டால் நின்றுவிட்டுப் போகட்டும். காத்திருந்தால், கிளட்ச் செட்டும் ரிலீஸ் பேரிங்கும் கைக்கு வரும்வரை கியர்பாக்ஸில் கை வைக்காதீர்கள், லேத்காரரிடம் முன்பே நேரம் கேட்டு வையுங்கள்.

டாப்_கியர்:
600 என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். ஸ்பேரில் வரும் லாபத்தைக் கழிக்காமல் ஏன் கணக்கிடுகிறீர்கள்? மாதம் 30,000 ஸ்பேரில் நின்றால் 1,20,800ஐ 250ஆல் வகுத்து 483 ஆகிவிடுமே.

ஓய்வுபெற்ற_சர்வீஸ்_மேலாளர்:
கழிக்கலாம், நான் கழிக்கமாட்டேன். வாடிக்கையாளர் ஆன்லைனில் கிளட்ச் செட் வாங்கிக்கொண்டு வந்து மாட்டித் தரச் சொன்னால், 483 ரூபாய்க்கு அவருக்கு வேலை செய்வது உங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் செலவில்தான். ரேட்டைச் சொல்லிப் பேசவும் வேண்டாம். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி என்று சொல்லி வேலைக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

டாப்_கியர்:
ஸ்பேரைக் கையில் கொண்டு வருபவருக்கு 600, நம்மிடம் வாங்குபவருக்கு 480 என்று இரண்டு ரேட் வைத்துவிட்டால் போகிறது.

சேலம்_பட்டறை:
இரண்டு ரேட் வைத்தால் பழைய வாடிக்கையாளர்கள் ஒருவர் பில்லை மற்றொருவர் பில்லோடு ஒப்பிடுவார்கள் என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. அதை இன்னும் முடிவு செய்யவில்லை. கிளட்சை மட்டும் இந்த மாதத்திலிருந்து 2,400க்குக் கொண்டுவந்து, கார்டில் நேரம் எழுதத் தொடங்குகிறேன். ஆயில் சர்வீஸ் போன்ற சிறு வேலைகளுக்கு நிர்ணய நேரம் ஒரு மணிக்கும் குறைவாக இருக்கும்போது குறைந்தபட்சத் தொகை ஒன்று வைப்பவர்கள் இருக்கிறீர்களா?