கலி 3871ல 3102 கழிச்சா 769, புக்குல 770: மாறன் காரி வருஷம் எதுங்க?

சேதுக்கரைப் பொண்ணு:
ஒத்தக்கடை பக்கம் ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரை கல்வெட்டுல கலி 3871னு இருக்கு, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனோட மந்திரி மாறன் காரி செஞ்ச கோயில். நான் 3102 கழிச்சா 769 வருது, புக்குல எல்லாம் 770. எது சரி? அப்புறம் இந்த மாறன் காரிதான் நம்மாழ்வாரோட அப்பான்னு சிலர் சொல்றாங்களே, இத வச்சு ஆழ்வார் காலத்த சொல்லிடலாமா? எங்க ஊர் வரலாற்றுக் குறிப்புல போடணும்.

மண்டபம் கேம்ப்:
769 தான், சந்தேகமே வேணாம். கலி ஆரம்பிச்சது கிமு 3102, அத கழிச்சா முடிஞ்சுச்சு. 770னு போட்டவங்க ரவுண்டா இருக்கட்டும்னு போட்டுருப்பாங்க.

தொண்டி வாத்தியார்:
ரவுண்டு எல்லாம் இல்ல தம்பி. கிமு 1 முடிஞ்சதும் நேரா கிபி 1 வந்துரும், நடுவுல பூஜ்யம்னு ஒரு வருஷம் கிடையாது. உங்க கணக்க ஒரு சின்ன எண்ண வச்சு சோதிச்சுப் பாருங்க. கிமு 3102ல தொடங்கி 3101 வருஷம் ஓடி முடிஞ்சா எங்க நிப்போம்? கிமு 1ல. இன்னும் ஒரு வருஷம் ஓடுனா, அதாவது 3102 முடிஞ்சா, கிபி 1. ஆனா உங்க கணக்குப்படி 3102ல 3102 போனா பூஜ்யம், அப்படி ஒரு வருஷமே இல்லையே. அதனாலதான் கிபிக்குள்ள வந்துட்டா 3101 கழிக்கணும்ங்குறது. 3871ல 3101 போனா 770.

நம்பிக்கை இல்லைன்னா ஆரியபடர வச்சு பாருங்க. கலியில 3600 வருஷம் கழிஞ்சப்ப எனக்கு 23 வயசுன்னு அவரே எழுதிருக்காரு. 3600ல 3101 போனா 499, அதுல 23 போனா 476. அவரு பொறந்த வருஷம்னு எல்லா புக்குலயும் இருக்குறது அதே 476 தான், 475 இல்ல.

மண்டபம் கேம்ப்:
சார் பூஜ்யம் மேட்டர் ஒத்துக்கலாம், ஆனா நீங்க 3871 "முடிஞ்சுது"ன்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுறீங்க. 3871 நடந்துக்கிட்டு இருக்கற வருஷமா இருந்தா முடிஞ்சது 3870 தானே, அப்ப 3870ல 3101 போனா 769. நான் சொன்ன அதே நம்பர் வந்துருச்சு பாத்தீங்களா.

தொண்டி வாத்தியார்:
இது நல்ல கேள்வி, முதல்ல சொன்னத விட ரொம்ப நல்ல கேள்வி. ஆனா ஒண்ணு கவனிங்க, நீங்க 769க்கு ரெண்டு வழியில வர்றீங்க, பூஜ்யத்த தப்பா எண்ணினாலும் 769, நடப்பு வருஷம்னு எடுத்தாலும் 769. விடை ஒண்ணா இருக்குன்னு பாத்துட்டு முதல் தப்பு கண்ணுக்கே தெரியாம போயிருது. இணையத்துல பாதிப் பேரு அப்படித்தான் தடுக்கி விழுறாங்க.

நம்ம ஊர்ல புள்ளைக்கு வயசு கேட்டா "மூணு முடிஞ்சு நாலு நடக்குது"ம்போம்ல, பழைய சோதிடக் கணக்கும் அப்படித்தான், பெரும்பாலும் முடிஞ்சதத்தான் எண்ணும். பெரும்பாலும்னுதான் சொல்றேன், எப்பவும்னு இல்ல. அதனால ஒவ்வொரு கல்வெட்டயும் என்ன வாசகம்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும். ஆனைமலையில வருஷம் இருக்கறது கிரந்த எழுத்துல இருக்குற சமஸ்கிருத சுலோகத்துல. அதுல கலியில இத்தனை வருஷம் "கதே"ன்னே வருது, போயிருச்சுன்னு அர்த்தம். மாசம் கார்த்திகை. 3871 முடிஞ்சு அடுத்தது நடக்குற வருஷம் 770 சித்திரையில ஆரம்பிச்சு 771 பங்குனி வரைக்கும் ஓடும், அதுல கார்த்திகை வர்றது 770 கடைசியில. இதே தை, மாசின்னு மாசம் போட்டுருந்தா 771னு எழுத வேண்டி வந்துருக்கும், மாசம் போடாம இருந்தா 770-71னு கோடு போட்டு எழுதுறதுதான் நேர்மை.

கீழக்கரைக்காரன்:
அண்ணே நடுவுல வர்றேன் மன்னிக்கணும். எங்க வீட்ல பழைய நிலப் பத்திரத்தோட நகல் ஒண்ணு கிடக்கு, சேதுபதி காலத்து செப்பேட்டப் பாத்து எழுதுனதாம். சகாப்தம் 1666 ரக்தாட்சி வருஷம்னு இருக்கு. கூகுள்ல சகத்துக்கு 78னு பாத்தேன், 1666ல 78 கழிச்சா 1588 வருதே, எங்க பாட்டன் அம்புட்டு பழைய ஆளா? இதுக்கும் 3101 கழிக்கணுமா?

மண்டபம் கேம்ப்:
பாய் இது கலி திரி 😀

தொண்டி வாத்தியார்:
இருக்கட்டும், இதுவும் அதே பாடம்தான். பாய், சகத்துக்கு 78 கூட்டணும், கழிக்கக் கூடாது. சகம் தொடங்குனதே கிபி 78ல, அப்ப சக எண் எப்பவும் கிபி எண்ண விட சின்னதாத்தான் இருக்கும். 1666 கூட 78, 1744. உங்ககிட்ட ரக்தாட்சின்னு பேரு இருக்கறது பெரிய அதிர்ஷ்டம். நமக்குத் தெரிஞ்ச ரக்தாட்சி 1984ல வந்துச்சு, அதுலருந்து அறுபது அறுபதா பின்னால போங்க, 1924, 1864, 1804, 1744. கச்சிதமா உக்காருது. சகம் 1666 நடப்பு வருஷமா இருந்தா 1743 வந்துருக்கணும், அது ருத்ரோத்காரி. ஆக உங்க பத்திரமும் முடிஞ்ச வருஷத்தத்தான் எண்ணிருக்கு. நகல்ல 1666க்கு அப்புறம் "இதன் மேல் செல்லாநின்ற"ன்னு ஏதாவது இருக்கான்னு பாருங்க, அதுக்கு மேல நடந்துக்கிட்டு இருக்குற வருஷம்னு அர்த்தம், சேதுபதி பட்டயங்கள்ல அப்படித்தான் எழுதுவாங்க.

கீழக்கரைக்காரன்:
"மேல் செல்லாநின்ற" இருக்குண்ணே! நான் அத ஏதோ நிலத்தோட எல்லைன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

சேதுக்கரைப் பொண்ணு:
சார், கலியையும் சகத்தையும் ஒண்ணோட ஒண்ணு வச்சு சரிபாக்க முடியுமா? ஆனைமலையில அறுபது வருஷப் பேரு எதுவும் இல்லையே.

தொண்டி வாத்தியார்:
முடியும்மா. ரெண்டும் முடிஞ்ச வருஷமா இருந்தா கலிக்கும் சகத்துக்கும் வித்தியாசம் எப்பவும் 3179. இத நான் சொல்லல, கர்நாடகத்துல ஐஹொளே கல்வெட்டு சொல்லுது, சளுக்கியன் புலிகேசி காலத்துல ரவிகீர்த்தி எழுதுனது. பாரதப் போர் முடிஞ்சு 3735 வருஷம்னும் சக மன்னர்கள் வருஷம் 556னும் ரெண்டையும் சேத்தே போட்டுருக்காரு, கழிச்சா 3179. வீட்ல பஞ்சாங்கம் இருந்தா முதல் பக்கத்த எடுத்து இதே மாதிரி கழிச்சுப் பாருங்க. 3180 வந்தா ஒரு எண்ண நடப்பாவும் இன்னொண்ண முடிஞ்சதாவும் போட்டுருக்காங்கன்னு தெரிஞ்சுக்கலாம். ஆனைமலைக்கு 3871ல 3179 போனா சகம் 692, அதோட 78 கூட்டுனா மறுபடியும் 770.

புல்லாணி அடியேன்:
கணக்கெல்லாம் அழகா இருக்கு, ஆனா கடைசியில எல்லாரும் ஆழ்வார எட்டாம் நூற்றாண்டுக்கு இழுத்துட்டு வரப் போறீங்கன்னு தெரியுது. குருபரம்பரை தெளிவா சொல்லுது, கலி பிறந்து 43ஆம் நாள், பிரமாதி வருஷம், வைகாசி விசாகம், வெள்ளிக்கிழமை. கிமு 3102. நாங்க திருப்புல்லாணியில வைகாசி விசாகம் கொண்டாடுறது சும்மாவா? கல்லுல இருக்கற கலிய நம்புவீங்க, ஆச்சாரியர் சொன்ன கலிய நம்ப மாட்டீங்க, அது என்ன நியாயம்?

மண்டபம் கேம்ப்:
சாமி 5000 வருஷத்துக்கு முன்னாடி திருவாய்மொழித் தமிழா? சங்கத் தமிழுக்கும் முன்னாடியா?

தொண்டி வாத்தியார்:
மண்டபம், கேலி வேணாம். அடியேன் சொன்ன தேதிய நான் கணக்கு போட்டுப் பாத்துருக்கேன், ரொம்ப கவனமா அமைச்ச தேதி அது. கலி முதல் நாள் வெள்ளின்னு கணக்கு, 43ஆம் நாள் சரியா ஆறு வாரம் கழிச்சு, மறுபடியும் வெள்ளி. சித்திரைக்கு 31 நாள் விட்டா 43 வைகாசி 12ல விழுது, சந்திரனும் விசாகத்த ஒட்டியே வருது. இன்னிக்கு இருக்கற அறுபது வருஷ வரிசையில பின்னால போனா கலி முதல் வருஷம் பிரமாதியேதான்.

புல்லாணி அடியேன்:
அப்புறம் என்ன! இவ்வளவு பொருந்துதுன்னு நீங்களே சொல்றீங்களே, பொய்யா இருந்தா பொருந்துமா?

தொண்டி வாத்தியார்:
பொருந்தறதே எனக்கு யோசனையா இருக்குங்க. பஞ்சாங்கம் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் பின்னால இருந்து எண்ணிப் போனா இப்படித்தான் பொருந்தும். கலி வருஷத்த ஒரு சகாப்தமா எண்ணறது நமக்குக் கிடைக்கறது ஆரியபடர் காலத்த ஒட்டித்தான், இன்னும் பழைய கல்வெட்டு எதுலயும் கலி எண்ணக் காணோம். அதனால ஆனைமலை கலி 3871 அந்தக் காலத்துலயே, நடந்தப்பவே வெட்டுனது, கலி 43ஆம் நாள் ரொம்பப் பின்னால எழுதுனது. ரெண்டும் கலிதான், ஆனா ரெண்டையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. ஆழ்வார் மேல உங்க பக்திக்கு இதுல ஒரு குறையும் இல்ல.

புல்லாணி அடியேன்:
ஆதாரம் கிடைக்கலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணு இல்ல. நான் ஏத்துக்கல.

சேதுக்கரைப் பொண்ணு:
சரி, மாறன் காரி ஆழ்வாரோட அப்பாவா இல்லையா?

மண்டபம் கேம்ப்:
அப்பாதான். ஆழ்வார் பேரு காரிமாறன், அப்பா பேரு காரி, சிம்பிள்.

தொண்டி வாத்தியார்:
சிம்பிள் இல்ல. நம்ம பேரு வைக்கற முறையில முதல்ல வர்றது அப்பா பேரு. மாறன் காரின்னா மாறன் மகன் காரி, காரிமாறன்னா காரி மகன் மாறன். தாத்தா பேர பேரனுக்கு வைக்கற வழக்கம் இருக்கறதால தாத்தா, அப்பா, ஆழ்வார்னு வரிசை போட ஆசை வருது, அது வரைக்கும் சரி. ஆனா மந்திரியோட ஊரு கரவந்தபுரம், இப்ப உக்கிரன்கோட்டைங்குறாங்க, வைத்திய குலம்னு கல்வெட்டு சொல்லுது. ஆழ்வார் குருகூர்க்காரர். அதுக்கு மேல சுலோகத்துல மந்திரிய மதுரகவின்னு வேற சொல்லிருக்கு, அதனால சில பேரு அவர ஆழ்வாரோட சிஷ்யர் மதுரகவின்னும் சொல்றாங்க. ஒரே ஆள அப்பாவாவும் சிஷ்யராவும் ஆக்க முடியாதுல்ல. மாறன் பாண்டியர் பேரு, அந்த நாட்டுல எத்தனையோ பேரு மாறன்.

இன்னொண்ணும் முக்கியம். 770ங்கறது மாறன் காரி பொறந்த வருஷமும் இல்ல, செத்த வருஷமும் இல்ல, சாமி பிரதிஷ்டை ஆன வருஷம். அங்கேயே இருக்கற வட்டெழுத்து தமிழ் கல்வெட்டு, அவரு கற்றளி செஞ்சு "நீர்த்தெளியாதே", அதாவது நீர் தெளிக்கற சடங்கு செய்யாமலே, சொர்க்கம் போயிட்டாரு, தம்பி மாறன் எயினன் உத்தரமந்திரி ஆகி முகமண்டபம் செஞ்சு நீர்த்தெளிச்சாருன்னு சொல்லுது. அதுல வருஷமே இல்ல. 770ல இறந்தாருன்னு எழுதுறவங்க ரெண்டு கல்வெட்டையும் ஒட்டிப் படிச்சு ஊகம் பண்றாங்க.

சேதுக்கரைப் பொண்ணு:
அப்ப நான் "கலி 3871 கழிந்து, கார்த்திகை, கிபி 770, பிரதிஷ்டை"ன்னு மட்டும் போடுறேன், ஆழ்வார் வருஷத்த காலியா விட்டுடுறேன்.

புல்லாணி அடியேன்:
காலியா விடாதம்மா, கலி 43ஆம் நாள்னு மரபு சொல்லுதுன்னாவது போடு. மரபுன்னு போடறதுல பொய் ஒண்ணும் இல்லையே.

தொண்டி வாத்தியார்:
அது போடலாம். ஆனா அதுக்குப் பக்கத்துல கிமு 3102னு மாத்திப் போடாதம்மா, போட்டா படிக்கறவங்க அதையும் கல்வெட்டு வருஷம்னு நினைச்சுருவாங்க.

புல்லாணி அடியேன்:
மாத்திப் போட்டா என்ன தப்பு, கணக்கு அதானே சார்?

கீழக்கரைக்காரன்:
அண்ணே எங்க பத்திரத்துல மாசம் தை, தேதி 12. அப்ப 1744ஆ 1745ஆ?

மண்டபம் கேம்ப்:
1745 பாய். தைன்னா ஜனவரி வந்துரும், 79 கூட்டுங்க.