புதுப்பிப்பு: 2.1 கிலோ கோழிக்கு ஓவன் நேரம்

நான் கேட்டது: "குறிப்பில் 1.2 கிலோ கோழிக்கு 180 பாகையில் 70 நிமிடம். என்னிடம் இருப்பது 2.1 கிலோ. எவ்வளவு நேரம் வைக்க?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. சரிவந்தது கல்லடி அக்கா சொன்ன கணக்கு:

```
70 × (2.1 ÷ 1.2)^(2/3) = 102
```

எடை கூடும் அளவுக்குத் தடிப்பு கூடாது, சூடு நடுவுக்குப் போகும் தூரம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும் என்றார். காத்தான்குடி நானா எடைக்கு நேராகப் பெருக்கி 122 நிமிடம் சொன்னார். நேரம் கூடும் என்பது சரி, ஆனால் அவ்வளவு வைத்திருந்தால் நெஞ்சிறைச்சி சக்கையாகியிருக்கும்.

85 நிமிடத்தில் தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 66 காட்டியது. 100 நிமிடத்தில் 74 வந்ததும் வெளியே எடுத்து, 15 நிமிடம் ஆறவிட்டு வெட்டினேன். மூட்டில் வடிந்த சாறு தெளிவாக இருந்தது. கம்பி எலும்பில் முட்டினால் அளவு பிழைக்கும், கவனம்.

எதிர்பாராதது ஒன்று: பெரிய கோழி என்பதால் நெஞ்சு மேல்சுருளுக்குக் கிட்டவாக இருந்து, 60 நிமிடத்திலேயே தோல் கறுக்கத் தொடங்கியது. தட்டைக் கீழ்த்தட்டுக்கு இறக்கி, நெஞ்சை மட்டும் அலுமினியத் தாளால் மூடினேன்.

அக்கரைப்பற்றுத் தம்பி கேட்ட சுருட்டிக் கட்டிய மாட்டிறைச்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நீளம் கூடி, தடிப்பு அதே என்றால் நேரம் பெரிதாக மாறாது. உள்ளே சோறு அடைத்த கோழிக்கு எவ்வளவு கூட்டவேண்டும் என்பது இன்னும் முடிவாகவில்லை. செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்.