சிறிய அறையில் மகனுக்குப் படிப்பு மூலை: படத்தைப் பார்த்து யோசனை சொல்லுங்கள்

ஹாரோவுக்குப் புதிது: சென்னையிலிருந்து ஆகஸ்டில் லண்டன் வந்தோம். மகனுக்கு ஏழு வயது, உயரம் 122 செ.மீ. வீட்டுக்காரர் விட்டுச்சென்ற மேசையைப் படுக்கையறை மூலையில் போட்டிருக்கிறேன். எழுத உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் நாற்காலியில் மண்டியிட்டுக்கொள்கிறான். சுவருக்கு அப்பால் சமையலறை. துணி துவைக்கும் இயந்திரமும் அங்கேதான் இருக்கிறது, அதன் சத்தம் இங்கே கேட்கிறது.

மரவேலைக்காரர்: மேசைக்காலில் உங்கள் மகன் ஒட்டியிருக்கும் ஏ4 தாளே அளவுகோல். அதன் நீளம் 29.7 செ.மீ.; மேசை அதைப்போல் இரண்டரை மடங்கு இருப்பதால் உயரம் ஏறக்குறைய 74. ஐரோப்பியப் பள்ளி அளவுப்படி அவன் உயரத்துக்கு மேசை 59, இருக்கை 35, அதாவது இடைவெளி 24. உங்கள் மேசையில் அவன் தோளைத் தூக்கித்தான் எழுத முடியும் என்பதால் மண்டியிடுகிறான். வாடகை வீட்டு மேசையை அறுக்க முடியாது. ஆகவே இருக்கையை 50-க்கு உயர்த்தி, பாதத்துக்கு 15 செ.மீ. பெட்டி ஒன்றை வையுங்கள். தோளைத் தளர்த்தி உட்காரும்போது முழங்கை மேசைமட்டத்தில் நின்றால் சரி.

குரோய்டன் மாமா: சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுங்கள், சத்தம் நின்றுவிடும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

மரவேலைக்காரர்: மாமா, அறைக்குள் எழும் எதிரொலி சற்றுக் குறையும், சுவர் தாண்டி வரும் சத்தம் குறையாது, தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. இயந்திரம் துணி பிழியும்போது மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அதிர்வு தெரிந்தால் மேசையைச் சுவரிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுங்கள். அதிர்வு இல்லாமல் சத்தம் மட்டும் கேட்டால், முதலில் கதவடி இடுக்கை அடையுங்கள்.

பார்னெட் அக்கா: படத்தில் பென்சில் டப்பாவின் நிழல் சுவர்ப்பக்கம் விழுகிறது. அறை விளக்கு அவன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் தலை நிழல் நோட்டில்தான் விழும். டிசம்பரில் நான்கு மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும் ஊரில் மாலைப் படிப்புக்கு ஜன்னலை நம்பவே முடியாது. வலக்கைப் பிள்ளை என்றால் இடப்பக்கம் மேசை விளக்கு ஒன்று வேண்டும். அவன் உட்கார்ந்த நிலையில் பல்பு கண்ணில் படக்கூடாது.

வெம்பிளி அப்பா: என் மகள் இடக்கைக்காரி. அவளுக்கு மூக்குக்கண்ணாடி வேண்டுமா என்றுதான் யோசிக்கிறேன்.

பார்னெட் அக்கா: அதைக் கண் பரிசோதகரிடம் கேளுங்கள். விளக்கை மட்டும் வலப்பக்கம் மாற்றுங்கள்.

ஹாரோவுக்குப் புதிது: அளந்து பார்த்தேன், மேசை 73.5. நாற்காலி 47-க்கு மேல் ஏறவில்லை. தலையணை வைத்தால் போதுமா?

மரவேலைக்காரர்: தலையணை அமுங்கி, ஒரு வாரத்தில் பழைய இடத்துக்கே வந்துவிடும். இரண்டரை செ.மீ. கனமுள்ள பலகையை நழுவாதபடி இருக்கையோடு இறுகக் கட்டுங்கள்.

பார்னெட் அக்கா: மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றினால் சமையலறைச் சத்தத்திலிருந்தும் தள்ளியிருக்கலாமே?

ஹாரோவுக்குப் புதிது: அங்கே ரேடியேட்டர் இருக்கிறது, அக்கா. அதை மறைத்து மேசை போட்டால் அறை சூடாகுமா என்று தெரியவில்லை. குளிர் வந்த பிறகுதான் முடிவுசெய்ய வேண்டும்.